6.5 ஜிபி காலி இடத்தில் ஒரு சைக்கிள் ஹப் வீடியோ: ரெசல்யூஷன், ஃபிரேம் ரேட், பிட்ரேட்

சைக்கிள் பின்சக்கர ஹப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது கிரீஸ் வைத்து, பேரிங் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கோனைச் சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவரும் வேலையை முழுசாகப் படம்பிடித்து, எட்டு நிமிட வீடியோவாக்கி முடித்துவிட்டேன். படம்பிடித்தது, வெட்டியது, ஒட்டியது எல்லாம் ஒரே போனில். 32 ஜிபி போன். அதில் காலியாக இருந்தது 6.5 ஜிபி. மெமரி கார்டு போடும் வசதி இல்லை.

கடைசியில் நிலைத்த அமைப்பு இது: 1080p, நொடிக்கு 30 ஃபிரேம், H.264 சுருக்க முறை, பிட்ரேட் 10 Mbps. இதில் முதல் இரண்டையும் எல்லோரும் யோசித்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இடப் பிரச்சினையைத் தீர்த்ததோ கடைசியில் இருக்கும் பிட்ரேட், அதாவது ஒரு நொடி வீடியோவுக்குப் போன் செலவிடும் பிட்களின் அளவு. போனோடு வரும் கேமராச் செயலிகள் பலவற்றில் அதை மாற்ற வழியே இருக்காது. அதனால் அங்கே போய்ச் சேரும் முன் மற்ற வழிகளையெல்லாம் பார்க்க வேண்டியிருந்தது. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு, அப்புறம் கேமரா

காலி இடம் 6.5 ஜிபி என்றால் அவ்வளவும் படம்பிடிக்கக் கிடைக்கும் என்று எண்ணக்கூடாது. போனில் 1.5 ஜிபியாவது எப்போதும் காலியாக இருக்கட்டும் என்று ஒதுக்கினேன். அதற்குக் கீழே போனால் இந்த போன் திணறுகிறது, கேமராவும் பாதியில் பதிவை நிறுத்திவிடுகிறது. ஆக, புழங்குவதற்கு 5 ஜிபி.

அடுத்து எடிட்டிங் செயலி. கிளிப்புகளைத் திறந்ததும் அது முன்னோட்டத்துக்கான படங்களையும் தற்காலிகக் கோப்புகளையும் தன் பங்குக்குச் சேமிக்க ஆரம்பிக்கும். போனின் செட்டிங்ஸில் அந்தச் செயலியின் சேமிப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் கேச் எவ்வளவு என்று தெரியும். பழைய சின்ன வேலைகளில் அது வளர்ந்த வேகத்தை வைத்து 1 ஜிபி ஒதுக்கினேன். முடிந்த வீடியோவுக்கும் இடம் வேண்டும். 1080p, 30 ஃபிரேம் வீடியோவுக்கு 8 Mbps போதும் என்பதுதான் யூடியூப் தரும் பரிந்துரை. அந்த அளவில் நிமிடத்துக்கு 60 எம்பி, எட்டு நிமிடத்துக்கு 480 எம்பி. எக்ஸ்போர்ட் செய்த பிறகு ஒரு பிழை கண்ணில் பட்டால், திருத்தி மறுபடி எக்ஸ்போர்ட் செய்யும்போது பழையதும் புதியதும் கொஞ்ச நேரம் சேர்ந்தே இருக்கும். அதனால் இதற்கும் 1 ஜிபி.

மிச்சம் 3 ஜிபி. ஹப் வேலையை நிறுத்தி நிதானமாகச் செய்தால் 35 நிமிடக் காட்சி சேரும் என்பது என் மதிப்பீடு. 3000 எம்பியை 35ஆல் வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 85 எம்பி. இதுதான் எனக்குக் கிடைத்த எல்லை.

Mbps என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பது. அதை 7.5ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை எம்பி என்று வந்துவிடும். திருப்பிப் போட்டால், 85ஐ 7.5ஆல் வகுக்க 11 சொச்சம். ஆக, நான் எந்த ரெசல்யூஷனில் எடுத்தாலும் 11 Mbpsஐத் தாண்டக்கூடாது என்பது கேமராவைத் திறக்கும் முன்பே முடிவாகிவிட்டது.

ஒரு நிமிடச் சோதனை

போனை ஸ்டாண்டில் பொருத்தி, மேசையில் ஹப், ஸ்பேனர், ஒரு அச்சடித்த தாள் மூன்றையும் வைத்து, ஒவ்வொரு அமைப்பிலும் சரியாக ஒரு நிமிடம் பதிவு செய்தேன். தாளில் உள்ள சின்ன எழுத்துகள் தெளிவைக் காட்டும். கை நடுவில் புகுந்து ஸ்பேனரைத் திருப்பினால் அசைவு எப்படிப் பதிகிறது என்று தெரியும். மேசை ஓரத்து நிழல், இருட்டில் படம் என்ன ஆகிறது என்பதைக் காட்டிவிடும்.

என் போனில் வந்த அளவுகள்: 4Kயில் 30 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு 315 எம்பி. 1080pயில் 60 ஃபிரேமுக்கு 200, 30 ஃபிரேமுக்கு 128. 720pயில் 30 ஃபிரேமுக்கு 90. இந்த எண்கள் போனுக்குப் போன் மாறும் என்பதால், உங்கள் போனில் ஒரு நிமிடம் எடுத்துப் பார்ப்பதே நல்லது. பெரும்பாலான போன்கள் ஒவ்வொரு அமைப்புக்கும் ஏறக்குறைய நிலையான பிட்ரேட் ஒன்றை வைத்திருக்கின்றன. அதனால் எதிரே அசையாத மேசை இருந்தாலும், ஓடும் சக்கரம் இருந்தாலும், கோப்பின் அளவு பெரிதாக மாறாது. காட்சி கடினமாக ஆக ஆகத் தெளிவுதான் குறையும்.

4Kயும் 60 ஃபிரேமும் கணக்கிலேயே அடிபட்டுப் போயின. 4Kயில் 35 நிமிடம் 11 ஜிபி. 60 ஃபிரேமில் 7 ஜிபி. 1080p, 30 ஃபிரேம்கூட 4.5 ஜிபியைத் தொடுகிறது.

720pக்கு இறங்கிப் பார்த்தது

இடம் போதவில்லை என்றால் ரெசல்யூஷனைக் குறைப்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். நானும் 720pயைத்தான் எடுத்தேன். 1080pயில் ஒரு ஃபிரேமுக்கு 20,73,600 புள்ளிகள். 720pயில் 9,21,600. பாதிக்கும் குறைவு. அதனால் கோப்பும் பாதிக்கும் கீழே இறங்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். இறங்கியது 128லிருந்து 90க்கு. அதாவது புள்ளிகளில் பாதிக்கு மேல் போயும் இடத்தில் மிச்சமானது 30 சதவீதம்தான்.

காரணம் அந்த 720p அமைப்புக்குப் போன் வைத்திருக்கும் பிட்ரேட். 90ஐ 7.5ஆல் வகுத்தால் 12 Mbps. அவ்வளவு சின்னப் படத்துக்கு அது தாராளமான ஒதுக்கீடு. பிட்கள் வீணாக, படம் மட்டும் சிறுத்துவிட்டது. 35 நிமிடத்துக்கு 3.15 ஜிபி. என் எல்லையை அப்போதும் தாண்டியது.

தெளிவிலும் அடி. ஹப் வீடியோவில் பேரிங் குண்டு ஓடும் தடத்தில் குழி விழுந்திருக்கிறதா என்று காட்டுவது முக்கியமான இடம். எடிட்டிங்கில் அந்த இடத்தைப் பெரிதாக்கிக் காட்ட நினைத்திருந்தேன். 720pயில் எடுத்ததை ஒன்றரை மடங்கு பெரிதாக்கியதும் குழியும் கிரீஸ் கறையும் ஒன்றுபோல ஆகிவிட்டன. 1080pயில் எடுத்திருந்தால், முடிந்த வீடியோவை 720pயாக வெளியிட்டாலும்கூட, ஒன்றரை மடங்கு வரை தெளிவு குறையாமல் நெருங்கிப் போகலாம். அந்த வசதிக்காகவே 1080pயை விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

HEVC: அளவு குறைந்தது, எடிட்டிங் நின்றது

கேமரா செட்டிங்ஸில் உயர் செயல்திறன் வீடியோ என்றோ, H.265 என்றோ, HEVC என்றோ, H.264ஐ விட இறுக்கமாகச் சுருக்கும் முறைக்கு ஒரு தேர்வு இருந்தால் அதை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். என் போனில் 1080p, 30 ஃபிரேம் 128லிருந்து 75 எம்பிக்கு இறங்கியது. 720pயை விடவும் சின்னக் கோப்பு, ஆனால் முழு 1080p தெளிவு. தாளில் இருந்த எழுத்தை வைத்து இரண்டையும் ஒப்பிட்டபோது வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. 35 நிமிடத்துக்கு 2.6 ஜிபி. கணக்கு அழகாகப் பொருந்தியது.

எடிட்டிங் செயலியில் போட்டதும் நிலைமை மாறியது. ஒரு கிளிப் ஓடும்போது பிரச்சினை இல்லை. டைம்லைனில் விரலை வைத்துப் பின்னோக்கி இழுத்தால் படம் உறைந்து, விரல் நின்ற பிறகு ஒரு நொடி கழித்து வந்தது. ஒரு கிளிப்மேல் இன்னொன்றைச் சின்னச் சட்டமாக வைத்ததும் செயலி மூடிக்கொண்டது. இறுக்கிச் சுருட்டிய கோப்பை விரிக்க அதிக உழைப்பு தேவை. பழைய போனின் சிப், நேராக ஓடும் ஒரு ஓட்டத்தைச் சமாளிக்கும். முன்னும் பின்னும் தாவினால் திணறும். ஸ்பேனர் சரியாகப் பிடிக்கும் அந்த ஃபிரேமில் வெட்ட வேண்டும் என்றால் இது சரிப்படாது.

HEVCயில் எடுத்து, எடிட்டிங்குக்கு முன் H.264ஆக மாற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். மாற்றும்போது இரண்டு கோப்புகளும் சேர்ந்து இருக்க இடம் வேண்டும், நேரமும் பிடிக்கும், போனும் சூடாகும். இடத்துக்காக HEVC எடுத்துவிட்டு அந்த இடத்தை மாற்றுவதிலேயே செலவழிப்பதில் அர்த்தம் இல்லை. வெட்டாமல் அப்படியே சேமித்துவைக்கப்போகும் வீடியோ என்றால் மட்டும் நான் HEVCயைத் தேர்ந்தெடுப்பேன். புது போனில், எடிட்டிங் செயலி அதைத் தடங்கலின்றி இழுக்கிறது என்றால், கேள்வியே இல்லை.

பிட்ரேட்டைக் கையில் எடுத்தது

இங்கேதான் வழி திறந்தது. 11 Mbpsக்குள் இருக்க வேண்டும், 1080p வேண்டும், H.264 வேண்டும். போனோடு வந்த கேமராச் செயலி 1080pக்கு 17 Mbpsக்குக் கீழே தராது. ஓபன் கேமரா என்ற இலவசச் செயலியில் வீடியோ பிட்ரேட்டையும் ஃபிரேம் ரேட்டையும் தனித்தனியாக அமைக்கலாம். பிட்ரேட்டை 10 Mbps என்று வைத்து அதே மேசையை எடுத்தேன். ஒலியோடு சேர்த்து நிமிடத்துக்கு 76 எம்பி. HEVC தந்த அதே அளவு, ஆனால் டைம்லைனில் விரலோடு ஒட்டி வந்தது.

10 Mbps தெளிவுக்குப் போதுமா என்பதுதான் அடுத்த கேள்வி. ஸ்டாண்டில் நிற்கும் போன், அசையாத பின்னணி, நடுவில் கை மட்டும் அசையும் காட்சி. இப்படிப்பட்ட காட்சியில் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததுக்கும் மாறுவது கொஞ்சம்தான் என்பதால் பிட்கள் எல்லாம் கை அசையும் இடத்துக்கே போகின்றன. 17 Mbpsல் எடுத்ததோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எழுத்து, கோனின் மரை, குண்டுகளின் பளபளப்பு மூன்றும் அப்படியே இருந்தன. போனைக் கையில் எடுத்து மேசையைச் சுற்றி நகர்த்தியபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. மேசைவிரிப்பின் நெசவு குழைந்து, ஓரங்களில் கட்டம் கட்டமாக உடைந்தது. 5 Mbpsல் ஸ்டாண்டில் வைத்து எடுத்தாலே நிழல் பகுதி அப்பியதுபோல ஆனது.

அதனால் வேலைக் காட்சி அனைத்தும் ஸ்டாண்டில், 10 Mbps. போனைக் கையில் பிடித்து நகர்த்தும் ஓரிரு காட்சிகளுக்கு மட்டும் போனின் சொந்தக் கேமராவில் 17 Mbps. கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி அந்தச் செயலியில்தான் நன்றாக வேலை செய்தது என்பது இன்னொரு காரணம். என் போனில் அந்த வசதி 1080p, 30 ஃபிரேமில் மட்டும் உண்டு. 60க்கு மாற்றினால் ஓசையில்லாமல் அணைந்துவிடும். நடந்துகொண்டே எடுப்பவர்கள் 60ஐத் தேர்ந்தெடுக்கும் முன் இதைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

30 என்று போட்டால் 30 வருகிறதா?

சோதனைக் கிளிப்புகளை ஒட்டி ஒரு சின்ன எக்ஸ்போர்ட் செய்து பார்த்தேன். ஆரம்பத்தில் எல்லாம் சரி. போகப்போக ஸ்பேனர் தட்டுவது முதலில் தெரிந்தது, சத்தம் பின்னால் வந்தது. கிளிப்பின் முடிவில் படம் நன்றாகவே முந்திக்கொண்டது. கேலரியில் அதே கிளிப்பை ஓட்டினால் எந்தக் குறையும் இல்லை.

போனில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய உதவும் டெர்மக்ஸ் செயலியில் ffmpeg என்ற வீடியோக் கருவியை நிறுவியிருந்ததால் கோப்பையே கேட்டுப் பார்க்க முடிந்தது:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=codec_name,r_frame_rate,avg_frame_rate,bit_rate -of default=nw=1 test.mp4
```

இதில் avg_frame_rate வரிதான் முக்கியம். அது பின்னமாக வரும், வகுத்துக்கொள்ள வேண்டும். வெளிச்சமான கிளிப்பில் 30ஐ ஒட்டி வந்தது. மேசையில் நிழல் விழுந்திருந்த கிளிப்பில் 30ஐ விடக் குறைவு. வெளிச்சம் போதாத இடங்களில் கேமரா ஒவ்வொரு ஃபிரேமையும் கூடுதல் நேரம் திறந்துவைத்து ஒளி சேர்க்கிறது. அதனால் நொடிக்கு 30 என்பது 24 வரை இறங்குகிறது. கை ஹப்பின் மேல் வந்து நிழல் விழுந்தால் இறங்கும், கை நகர்ந்தால் ஏறும். கேலரி ஒவ்வொரு ஃபிரேமின் நேர முத்திரையையும் பார்த்து ஓட்டுகிறது. என் எடிட்டிங் செயலியோ எல்லா ஃபிரேமும் சம இடைவெளியில் வருவதாக எடுத்துக்கொண்டது. ஒலி தன் வேகத்தில் ஓட, படம் முந்தியது.

தீர்வு இரண்டு. சில போன்களின் கேமரா செட்டிங்ஸில் குறைந்த ஒளியில் ஃபிரேம் ரேட்டைத் தானாகக் குறைக்கும் தேர்வு இருக்கும், அதை அணைத்துவிடலாம். ஓபன் கேமராவில் ஃபிரேம் ரேட்டை இயல்பு நிலையில் விடாமல் 30 என்று குறிப்பிட்டு வைக்கலாம். அதற்கு மேல், ஒளி உண்மையிலேயே போதுமானதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 30 கிடைக்கும், கூடவே புள்ளி புள்ளியாக இரைச்சலும் கிடைக்கும். 10 Mbpsல் எடுக்கும்போது அந்த இரைச்சல் பெரிய எதிரி. ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறும் அந்தப் புள்ளிகளைப் பதிவு செய்யவே பிட்கள் கரைந்து, காட்ட வேண்டிய மரைக்கு மிஞ்சாது. மேசை விளக்கு ஒன்றை இடப்பக்கமிருந்து தாழ்வாக வைத்ததும் இரண்டு பிரச்சினையும் சேர்ந்து போயின. வெளிச்சமும் சேமிப்பு இடக் கணக்கின் ஒரு பகுதிதான் என்பது இந்த வேலையில் எனக்குப் பிடிபட்ட விஷயம்.

60 ஃபிரேம் ஒரே ஓர் இடத்தில் தேவைப்பட்டது. கோனைத் தளர்வாக விட்டால் சக்கரம் பக்கவாட்டில் ஆடும். அதை அரை வேகத்தில் காட்ட வேண்டும். 60ல் எடுத்து 30 டைம்லைனில் அரை வேகத்துக்கு வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமும் அப்படியே பயன்படும், அசைவு வழுக்கிக்கொண்டு வரும். இருபது நொடிக் கிளிப், 70 எம்பிக்குள். 60ல் ஒரு ஃபிரேம் நொடியில் 60ல் ஒரு பங்குக்கு மேல் திறந்திருக்க முடியாது என்பதால் ஒளி இன்னும் கூடுதலாக வேண்டும். அந்தக் காட்சியை மட்டும் பகல் வெளிச்சத்தில், வாசலில் வைத்து எடுத்தேன்.

படம்பிடிப்பும் வெட்டலும்

35 நிமிடத்தையும் ஒரே நீளக் கிளிப்பாக எடுக்கவில்லை. நட்டைத் தளர்த்துவது, ஆக்சிலை உருவுவது, குண்டுகளை எண்ணி எடுப்பது, தடத்தைத் துடைப்பது என்று ஒவ்வொரு கட்டமும் தனிக் கிளிப். தவறிப்போன கிளிப்பை அங்கேயே நீக்கிவிடலாம். ஆனால் நீக்கியதும் இடம் திரும்பி வராது. கேலரியின் குப்பைத் தொட்டியில் அது பல நாள், பல போன்களில் 30 நாள், உட்கார்ந்திருக்கும். உள்ளே போய் நிரந்தரமாக நீக்கிய பிறகுதான் காலி இட எண் ஏறும். இது தெரியாவிட்டால் நீக்க நீக்க இடம் குறைந்துகொண்டே போவதுபோல இருக்கும்.

நீளமான கிளிப்புகளை எடிட்டிங் செயலிக்குள் கொண்டுபோகும் முன்பே முன்னும் பின்னும் நறுக்கினேன். கேலரியிலேயே வெட்டிச் சேமித்தால் சில செயலிகள் வீடியோவை மறுபடி சுருக்கி எழுதும், தெளிவு ஒரு படி இறங்கும். கீழே உள்ளது மறுபடி சுருக்காமல், தேவையான பகுதியை அப்படியே நகலெடுக்கிறது:

```
ffmpeg -ss 00:01:20 -to 00:03:05 -i hub.mp4 -c copy hub_cut.mp4
```

சில நொடிகளில் முடிந்துவிடும். இதற்கு ஒரு வரம்பு உண்டு. வெட்டு முழுமையான படம் பதிவான ஃபிரேமில்தான் சுத்தமாக விழும், அது பொதுவாக ஒரு நொடிக்கு ஒருமுறை வரும். அதனால் தொடக்கத்தில் ஒரு நொடி கூடுதலாக விட்டு வெட்டி, நுணுக்கமான வெட்டை எடிட்டிங் செயலியில் செய்தேன். புதுக் கோப்பை முழுசாக ஓட்டிப் பார்த்த பிறகே மூலத்தை நீக்கினேன். ஒவ்வொரு கிளிப்பாக இப்படிச் செய்தால் ஒரே நேரத்தில் ஒரு கிளிப்புக்கான கூடுதல் இடம் மட்டும் போதும்.

நறுக்கி முடித்தபோது காட்சிகள் 2.6 ஜிபியிலிருந்து 1.7 ஜிபிக்கு வந்தன. எடிட்டிங் செயலியின் கேச் கடைசியில் 900 எம்பியைத் தொட்டது, ஒதுக்கியதற்குள்தான். எக்ஸ்போர்ட் 1080p, 30 ஃபிரேம், 8 Mbps, வந்த கோப்பு 490 எம்பி. செயலி சொந்தமாகப் பரிந்துரைத்த உயர் தரத்தில் வைத்திருந்தால் அது நிமிடக் கணக்கில் மூலத்தை விடப் பெரிய கோப்பைத் தந்திருக்கும். 10 Mbpsல் எடுத்ததை 20 Mbpsல் எழுதினால் இல்லாத தெளிவு வந்து சேராது.

அடுத்த முறை

அடுத்து முன்சக்கர ஹப். கையில் பிடித்து எடுக்கும் காட்சிகளையும் முடிந்தவரை ஸ்டாண்டுக்கு மாற்றிவிடப் போகிறேன், 17 Mbpsக்கான தேவையே அங்கிருந்துதான் வந்தது. தடத்தில் உள்ள குழியைக் காட்டும் காட்சியை மட்டும் 4Kயில், அரை நிமிடத்துக்கு மிகாமல் எடுத்துப் பார்க்க வேண்டும். 160 எம்பிக்குள் அடங்கும், 1080p டைம்லைனில் இரண்டு மடங்கு வரை நெருங்கிப் போகலாம். ஆனால் இந்த போனின் எடிட்டிங் செயலி 4K கிளிப்பை இழுக்குமா என்பதை ஒரு பத்து நொடிக் கிளிப்பில் முதலில் சோதிக்க வேண்டும். இழுக்காவிட்டால் அந்தக் காட்சிக்கு வீடியோவே வேண்டாம். ஒரு புகைப்படம் எடுத்து, டைம்லைனில் மெதுவாகப் பெரிதாக்கினால் போதும். தடத்தில் எதுவும் அசைவதில்லை, புகைப்படத்தில் கிடைக்கும் நுணுக்கமும் அதிகம், இடமும் சில எம்பிதான்.